‘இல்லை’ என்றால் எது இல்லை?

(தேனி மாவட்டத்தில் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கமிருந்து வந்திருக்கும் ஆசிரியர்கள் மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். VLOOKUP போடத் தெரிந்தவர்கள்தான் இங்கே பெரும்பாலும் இருக்கிறோம். அதைப் போட்டதும் சில செல்களில் #N/A என்று வருமே, அதை என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும்தான் இன்று பேசப்போகிறேன்.

நம்மில் பலர் செய்வது இதுதான். தலைமையாசிரியரிடம் தாளைக் கொடுக்கும்போது #N/A அசிங்கமாகத் தெரிகிறது. யாரோ IFERROR என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லித் தந்திருப்பார்கள். அதைச் சுற்றிலும் போட்டு, பிழை வந்தால் வெற்றிடம் என்று எழுதிவிடுகிறோம். தாள் சுத்தமாகிவிடுகிறது. பிள்ளையும் சேர்ந்து காணாமல் போய்விடுகிறது.

ஒரு மாதிரித் தாளைத் திரையில் காட்டுகிறேன். விளக்கத்துக்காக நானே அமைத்தது; எண்கள் எந்தப் பள்ளியுடையதும் அல்ல. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு சிக்கலும் உங்கள் பள்ளித் தாளில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும்.

முதல் தாள் Class. எட்டாம் வகுப்பு, 38 பேர். A நெடுவரிசையில் சேர்க்கை எண், B-யில் பெயர். இரண்டாவது தாள் Bank. உதவித்தொகைக்காக அலுவலகத்தில் தொகுத்த வங்கி விவரம். A-யில் சேர்க்கை எண், B-யில் பெயர், C-யில் கிளை, D-யில் கணக்கு எண். அதிலும் 38 வரிசை. இங்கும் 38, அங்கும் 38. எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். அந்த நிம்மதி எவ்வளவு தூரம் நியாயம் என்று கடைசியில் தெரியும்.

Class தாளின் C நெடுவரிசையில் இதைப் போடுகிறேன்.

```
=VLOOKUP(A2,Bank!A:D,4,FALSE)
```

லிப்ரே ஆபிஸ் வைத்திருப்பவர்கள் Bank-க்குப் பிறகு ஆச்சரியக்குறிக்குப் பதில் புள்ளி வைக்க வேண்டும். மற்றதெல்லாம் ஒன்றுதான்.

கடைசியில் இருக்கும் FALSE-ஐ யாரும் எடுக்காதீர்கள். அதை எடுத்துவிட்டால் #N/A குறைகிறது என்று சிலர் மகிழ்ச்சியோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். குறையத்தான் செய்யும். ஏனென்றால், தேடிய எண் கிடைக்காதபோது அதற்குக் கீழே இருக்கும் இன்னொரு எண்ணின் வரிசையை எக்செல் எடுத்துக் கொடுத்துவிடும். அதாவது வேறொரு பிள்ளையின் கணக்கு எண். #N/A வருவது அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இப்போது வந்திருப்பதைப் பாருங்கள். 31 பேருக்குக் கணக்கு எண் வந்துவிட்டது. 6 பேருக்கு #N/A. ஒருவருக்கு வெறும் 0.

இந்த இடத்தில் IFERROR போட்டு வெற்றிடமாக்கினால் 6 செல் காலியாகும். பிழை வந்தால் 0 என்று போட்டால், ஏற்கெனவே இருந்த 0-வோடு சேர்த்து 7 பூஜ்ஜியம் ஆகும். இரண்டு விதத்திலும், அந்த ஏழு பேரும் ஒரே காரணத்தால் விடுபட்டவர்கள் போலத் தோன்றுவார்கள். ‘இவர்களுக்குக் கணக்கு இல்லை போலிருக்கிறது’ என்று நினைத்து 31 பேரோடு பட்டியல் போய்விடும். உண்மையில் என்ன காரணம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். செய்தி எழுதுவது அதற்குப் பிறகுதான்.

#N/A வந்த ஆறு வரிசைகளுக்குப் பக்கத்தில் இந்தச் சிறு சோதனையைப் போடுங்கள்.

```
=COUNTIF(Bank!A:A,A2)
```

இது ஒரு நல்ல தந்திரம். VLOOKUP கறாரானது. 4127 என்று எண்ணாக இருப்பதும், 4127 என்று எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருப்பதும் அதற்கு வேறு வேறு. எக்செலில் COUNTIF அந்த அளவுக்குக் கறார் இல்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும். ஆகவே VLOOKUP #N/A என்று சொல்லி, COUNTIF 1 என்று சொன்னால், பிள்ளை அந்தத் தாளில் இருக்கிறது, எண்ணின் வடிவம்தான் பொருந்தவில்லை என்று அர்த்தம். நம் ஆறில் மூன்றுக்கு 1 வருகிறது. Bank தாளில் அந்த மூன்று செல்லையும் பாருங்கள். எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்க, இவை மட்டும் இடப்பக்கம் நிற்கின்றன. மூலையில் சிறு பச்சை முக்கோணமும் இருக்கிறது.

மீதி மூன்றுக்கு 0 வருகிறது. இவர்கள் நிச்சயமாகப் பட்டியலில் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். Bank தாளில் Ctrl+F அழுத்தி அந்தச் சேர்க்கை எண்களைத் தேடுங்கள். ஒன்று கிடைக்கிறது. பார்வைக்கு நாலு இலக்கம்தான், ஆனால் LEN போட்டால் 5 என்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி பின்னால் ஒட்டியிருக்கிறது. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இது வரும். இந்த வகை இடைவெளியை TRIM அகற்றாது. அதன் குறியீட்டு எண் 160 என்பதால் அதைத் தனியாகச் சொல்லித்தான் நீக்க வேண்டும். எழுத்தாக நிற்கும் எண்ணையும் இந்த இடைவெளியையும் ஒரே அடியில் சரிசெய்ய, Bank தாளில் காலியாக இருக்கும் நெடுவரிசையில் இதைப் போட்டு இழுத்துவிடுங்கள். பிறகு அந்த மதிப்புகளை மட்டும் நகலெடுத்து A-யில் ஒட்டிவிட்டு, உதவிக்குப் போட்ட நெடுவரிசையை அழித்துவிடலாம்.

```
=VALUE(TRIM(SUBSTITUTE(A2,CHAR(160),"")))
```

சேர்க்கை எண்ணில் சாய்கோடு போடும் பள்ளிகள் VALUE-வை விட்டுவிட்டு, இரண்டு தாளிலும் இதே சுத்தத்தைச் செய்தால் போதும். இரு பக்கமும் எழுத்தாகவே பொருந்தும். இன்னோர் எச்சரிக்கை. ‘எல்லாவற்றையும் எண்ணாக மாற்று’ என்ற உற்சாகத்தில் கணக்கு எண் நெடுவரிசையைத் தொட்டுவிடாதீர்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கத்தை மட்டுமே காப்பாற்றும். 16 இலக்கக் கணக்கு எண்ணாக இருந்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். எந்தப் பிழைக்குறியும் வராது. கணக்கு எண் எப்போதும் எழுத்து வடிவில்தான் இருக்க வேண்டும்.

இப்போது நாலு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். 35 பேருக்குக் கணக்கு எண் இருக்கிறது. ஒரு 0, இரண்டு #N/A மீதம்.

இந்த இரண்டையும் புரிந்துகொள்ள எதிர்ப்பக்கத்திலிருந்து தேட வேண்டும். Bank தாளில் இருந்துகொண்டு, Class தாளில் இல்லாதவர்கள் யார் என்று கேட்கிறோம்.

```
=COUNTIF(Class!A:A,A2)
```

இரண்டு வரிசைகளில் 0 வருகிறது. ஒன்று, ஜூன் மாதமே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன பிள்ளை. அலுவலகத் தாளிலிருந்து நீக்கவில்லை. இன்னொன்று 4172. அதன் பெயர் நம் வகுப்பில் இருக்கிறது, ஆனால் நம்மிடம் அந்தப் பிள்ளையின் எண் 4127. தட்டச்சில் கடைசி இரண்டு இலக்கமும் இடம் மாறிவிட்டன. சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துத் திருத்தியதும் 36.

நம் அதிர்ஷ்டம், 4172 என்ற எண்ணில் வகுப்பில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் இந்த எதிர்ப்பக்கச் சோதனையில் 0 வந்திருக்காது. ஒருவர் பணம் இன்னொருவர் கணக்குக்குப் போகப் பட்டியல் தயாராகியிருக்கவும் கூடும். இதற்காகவே Bank தாளில் இருக்கும் பெயரையும் இன்னொரு VLOOKUP மூலம் பக்கத்தில் கொண்டுவந்து, கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. பெயரை வைத்தே தேடலாமே என்று கேட்பீர்கள். முத்துலட்சுமி ஒரு தாளில், முத்துலெட்சுமி இன்னொரு தாளில். தலைப்பெழுத்து இங்கே முன்னால், அங்கே பின்னால். பெயரைத் தேட வைக்காதீர்கள், சரிபார்க்க வையுங்கள்.

மிச்சமிருக்கும் ஒரு #N/A தான் நிஜமான #N/A. செப்டம்பரில் சேர்ந்த பிள்ளை. நம் பள்ளத்தாக்கில் இது புதிதல்ல. கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி, போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற குடும்பங்கள். விடியற்காலையில் ஜீப் ஏறி இரவு திரும்புகிறவர்களும் உண்டு. தோட்டத்து லயத்திலேயே தங்கிவிட்டு ஆண்டு நடுவில் ஊர் திரும்புகிறவர்களும் உண்டு. அப்படித் திரும்பிய வீட்டுப் பிள்ளை இது. வங்கிப் பட்டியல் ஜூலையில் தயாரானது. இந்தப் பெயர் அதில் ஏற வழியே இல்லை. இந்த #N/A-வைத்தான் நாம் யாரிடமாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெற்றிடமாக்கிவிட்டால் யார் கேட்பார்கள்?

அந்த 0 என்ன? அந்தப் பிள்ளையின் எண் Bank தாளில் இருக்கிறது. D செல் மட்டும் காலி. இன்னும் பாஸ்புக் நகல் வரவில்லை. VLOOKUP காலிச் செல்லைக் கண்டால் 0 என்று காட்டும். ஆக, ‘பட்டியலிலேயே இல்லை’ என்பதும் ‘பட்டியலில் உண்டு, விவரம் வரவில்லை’ என்பதும் இரண்டு வேறு நிலைகள். முதலாவதற்கு அலுவலகத்தில் பெயரைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். இரண்டாவதற்குப் பெற்றோரைக் கூப்பிட வேண்டும்.

கணக்குப் பாருங்கள்: 36, 1, 1. மொத்தம் 38. முதலில் வெற்றிடமாக்கியிருந்தால் விடுபட்டிருக்கும் ஆறு பேரில் ஐந்து பேருடைய கணக்கு எண் பக்கத்துத் தாளிலேயே இருந்திருக்கிறது. இரண்டு தாளிலும் 38 என்ற பொருத்தமும் தற்செயல்தான். போன பிள்ளை ஒன்று, வந்த பிள்ளை ஒன்று, தலைக்கணக்கு நேராகிவிட்டது.

இனி செய்திக்கு வருவோம். என் கருத்தில், VLOOKUP-க்கு IFERROR தேவையே இல்லை. IFNA போதும். எக்செல் 2013 முதல் இருக்கிறது, லிப்ரே ஆபிஸிலும் கூகுள் ஷீட்டிலும் உண்டு.

```
=IFNA(IF(VLOOKUP(A2,Bank!A:D,4,FALSE)="",
"கணக்கு எண் வரவில்லை",
VLOOKUP(A2,Bank!A:D,4,FALSE)),
"சேர்க்கை எண் பட்டியலில் இல்லை")
```

உள்ளே இருக்கும் IF, காலிச் செல்லைப் பிடிக்கிறது. வெளியே இருக்கும் IFNA, எண்ணே கிடைக்காததைப் பிடிக்கிறது. பழைய 2007, 2010 எக்செல் வைத்திருப்பவர்கள் IF-க்குள் ISNA போட்டு இதையே செய்யலாம்.

இரண்டு செய்தியிலும் எது இல்லை என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வெறும் ‘இல்லை’ என்று போட்டால், கணக்கு இல்லையா, பிள்ளை இல்லையா, பிள்ளைக்குத் தகுதி இல்லையா என்று படிப்பவர் தன் விருப்பப்படி எடுத்துக்கொள்வார். நம் மொழியில் ‘இல்லை’ மிகவும் வசதியான சொல். தாளில் அது ஆபத்தான சொல்.

ஏன் IFERROR வேண்டாம்? இதோ, உங்கள் முன்னால் Bank தாளின் C நெடுவரிசையை, கிளை எதற்கு என்று நினைத்து அழித்துவிடுகிறேன். நாலு நெடுவரிசை மூன்றாகிவிட்டது. சூத்திரமோ நாலாவதைக் கேட்கிறது. 38 செல்லிலும் #REF! வந்துவிட்டது. சூத்திரம் உடைந்துவிட்டது என்று எக்செல் கத்துகிறது. IFNA அதைத் தடுக்காமல் விட்டுவிட்டது, ஏனென்றால் அது #N/A-வை மட்டும்தான் தொடும். இதே இடத்தில் IFERROR இருந்திருந்தால், 38 பேருக்கும் ‘சேர்க்கை எண் பட்டியலில் இல்லை’ என்று அமைதியாக எழுதியிருக்கும். பொய்யான செய்தி. சூத்திரத்தில் ஓர் எழுத்து தவறி #NAME? வந்தாலும் அப்படித்தான். 38 பேர் என்றால் சந்தேகம் வரும். ஆயிரம் பேர் பட்டியலில் ஒரு பகுதி மட்டும் உடைந்தால் யாருக்கும் தெரியாது.

எதிரான நிகழ்வையும் பாருங்கள். அழிப்பதற்குப் பதிலாக, D-க்கு முன்னால் கிளைக் குறியீட்டுக்கென ஒரு நெடுவரிசையை நுழைக்கிறேன். இப்போது நாலாவது அதுதான். கணக்கு எண் ஐந்தாவதாகத் தள்ளிப்போய்விட்டது. பிழைக்குறி எதுவும் இல்லை, எல்லாச் செல்லிலும் தப்பான விவரம். இதை IFNA-வும் காப்பாற்றாது, IFERROR-உம் காப்பாற்றாது. பட்டியலை அனுப்பும் முன் நாலைந்து பிள்ளைகளின் பாஸ்புக்கை எடுத்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பிழை கத்தாமல் தரவு காணாமல் போவது நம் ஊர்ப் பள்ளியில் மட்டும் நடப்பதல்ல. 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா தொற்று உறுதியானவர்களின் விவரத்தைப் பழைய .xls வடிவக் கோப்பில் ஏற்றினார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையில் 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேராமல் போனார்கள். அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடிச் சொல்வதும் தாமதமானது.

நம் தாளுக்கு மேலே நாலு வரி போட்டு வைத்துக்கொள்ளலாம். மொத்தம் எத்தனை பேர், பட்டியலில் இல்லாதவர் எத்தனை, கணக்கு எண் வராதவர் எத்தனை, சூத்திரப் பிழை எத்தனை. நடு இரண்டுக்கும் COUNTIF-இல் அந்தச் செய்தியையே கொடுத்தால் போதும். கடைசிக்கு இது.

```
=SUMPRODUCT(--ISERROR(C2:C39))
```

இது 0-வாக இல்லாத வரை தாளை அச்செடுக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று மட்டும், மதிப்பெண் பட்டியலில் இதைப் பயன்படுத்துபவர்களுக்கு. அங்கே பிழைக்குப் பதில் 0 போடுவதன் கேடு எளிதாகத் தெரியும். 60, 70, 80 எடுத்த மூவரோடு மதிப்பெண் கிடைக்காத ஒருவர் இருந்தால், உண்மையான சராசரி 70. அவருக்கு 0 போட்டால் 52.5. அதற்குப் பதில் செய்தி போட்டால் AVERAGE அதைக் கணக்கில் எடுக்காது, 70 சரியாக வரும். அதனால் செய்தி நல்லதுதான் என்று நினைப்போம். ஆனால் பக்கத்தில் இப்படி ஒரு சூத்திரம் இருக்குமே.

```
=IF(C2>=35,"தேர்ச்சி","தேர்ச்சி இல்லை")
```

C2-வில் ‘மதிப்பெண் வரவில்லை’ என்ற செய்தி இருந்தால் என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்? ‘தேர்ச்சி’ என்று வரும். எக்செல் ஒப்பிடும்போது எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது. தேர்வே எழுதாத பிள்ளை தேர்ச்சி பெற்றுவிடும். அதனால் மேற்கொண்டு கணக்குப் போட வேண்டிய நெடுவரிசையில் செய்தியைப் போடாதீர்கள். அங்கே VLOOKUP-ஐ அப்படியே விட்டு, #N/A நிற்கட்டும். அதைச் சார்ந்த தேர்ச்சிச் செல்லும் #N/A என்றே காட்டும், அது நேர்மை. செய்தியை அடுத்த நெடுவரிசையில் தனியாகப் போடுங்கள். போட்டே ஆக வேண்டும் என்றால், ஒப்பிடும் முன் ISNUMBER போட்டு எண்தானா என்று பார்க்க வேண்டும்.

அச்சில் #N/A அசிங்கமாக இருக்கிறது என்பது மட்டும்தான் குறை என்றால், அதற்குச் சூத்திரத்தையே தொட வேண்டாம். எக்செலில் Page Setup திறந்து Sheet பகுதியில் Cell errors as என்ற இடத்தில் இரட்டைக் கோட்டைத் தேர்ந்தெடுங்கள். தாளில் கோடாக அச்சாகும், திரையில் #N/A அப்படியே இருக்கும். தலைமையாசிரியருக்கும் திருப்தி, நமக்கும் உண்மை தெரியும்.

பின்வரிசையில் ஒரு தங்கை, XLOOKUP-இல் இதெல்லாம் உள்ளேயே வருகிறதே என்று கேட்கிறார். ஆமாம். அதில் நாலாவதாகச் செய்தியைக் கொடுக்கலாம், எண் கிடைக்காதபோது மட்டும் அது வரும், மற்றப் பிழைகளை விழுங்காது. எடுக்க வேண்டிய நெடுவரிசையை எண்ணிக்கையாகச் சொல்லாமல் நேரடியாகக் காட்டுவதால், நடுவில் ஒன்றை நுழைத்தாலும் தடம் மாறாது. பள்ளிக் கணினியில் எக்செல் 2021 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தத் தாளைப் பழைய எக்செல் உள்ள பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பினால், அங்கே சூத்திரம் மீண்டும் கணக்கிடப்படும்போது #NAME? வரும். இப்போதைக்குத் தாளைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய நாம் எல்லோரும் VLOOKUP-உம் IFNA-வும் வைத்துக்கொள்வதே வசதி. மாதிரித் தாளை முன்வரிசையில் இருக்கும் கணினியில் வைத்திருக்கிறேன். பென்டிரைவ் கொண்டுவந்தவர்கள் இப்போதே எடுத்துக்கொள்ளலாம்.